எட்டுப் பங்குகள், ஒரே பந்தயம்: ஒட்டுறவைக் கண்காணிக்கும் எச்சரிக்கை மணி

கேள்வி: 2023 ஜூனில் பாரத் எலக்ட்ரானிக்ஸ், ஆர்.இ.சி., என்.டி.பி.சி., ஸ்டேட் வங்கி, கோல் இந்தியா, இந்துஸ்தான் யூனிலீவர், சன் பார்மா, டி.சி.எஸ். என்ற எட்டுப் பங்குகளில் சம அளவாகப் பணம் போட்டேன். துறை துறையாகப் பிரித்துத்தான் வாங்கினேன். ஆனால் 2024 ஜூன் 4 அன்று ஒரே நாளில் 12 சதவீதத்துக்கு மேல் போய்விட்டது. பங்குகள் எந்த அளவுக்குச் சேர்ந்து நகர்கின்றன என்று கணக்கிட்டு, இப்படி ஒரே பக்கம் குவிவதை முன்பே எச்சரிக்கும் ஏற்பாட்டை நானே செய்துகொள்ள முடியுமா? பைத்தான் ஓரளவு தெரியும்.

பதில்:

முடியும். இருபது வரி நிரலும் வாரத்துக்குப் பத்து நிமிடமும் போதும். ஆனால் எதை அளப்பது என்பதில்தான் பலரும் தடம் மாறுகிறார்கள். அதனால் முதலில் அந்த ஜூன் 4ஆம் தேதியையே எடுத்துக்கொள்கிறேன்.

தேர்தல் கருத்துக்கணிப்புகளை நம்பி ஜூன் 3 அன்று நிஃப்டி 50 குறியீடு 3.25 சதவீதம் ஏறியது. மறுநாள் வாக்கு எண்ணிக்கையில் ஆளும் கட்சிக்குத் தனிப் பெரும்பான்மை இல்லை என்று தெரிந்ததும் 5.93 சதவீதம் இறங்கியது. அன்று ஆர்.இ.சி. ஏறத்தாழ 24 சதவீதமும், பாரத் எலக்ட்ரானிக்ஸ் 19 சதவீதமும், என்.டி.பி.சி. 15 சதவீதமும், ஸ்டேட் வங்கியும் கோல் இந்தியாவும் 14 சதவீதத்தை ஒட்டியும் விழுந்தன. அதே நாளில் இந்துஸ்தான் யூனிலீவர் சுமார் 6 சதவீதம் ஏறியது. ரேடார் செய்யும் நிறுவனத்துக்கும் நிலக்கரி தோண்டும் நிறுவனத்துக்கும் தொழிலில் எந்த ஒற்றுமையும் கிடையாது. இரண்டிலும் பெரும்பங்கு மத்திய அரசிடம் இருக்கிறது, இரண்டின் விலையும் அரசின் மூலதனச் செலவு தொடரும் என்ற ஒரே நம்பிக்கையின் மேல் ஏறியிருந்தது என்பதுதான் ஒற்றுமை. துறை என்பது நிறுவனம் என்ன செய்கிறது என்பதைச் சொல்லும். தீம் என்பது மற்றவர்கள் அதை ஏன் வாங்குகிறார்கள் என்பதைச் சொல்லும். இரண்டாவது விஷயம் எந்தத் துறைப் பட்டியலிலும் இருக்காது. விலைகள் சேர்ந்து நகரும் விதத்தில் மட்டுமே அது வெளிப்படும்.

அந்த நகர்வை அளக்கும் எண்தான் ஒட்டுறவுக் கெழு. இரண்டு பங்குகளும் எப்போதும் ஒரே திசையில், ஒரே விகிதத்தில் போனால் 1. சம்பந்தமே இல்லாவிட்டால் 0. இதை விலைகளை வைத்துக் கணக்கிடக் கூடாது. தினசரி சதவீத மாற்றங்களை வைத்துத்தான் கணக்கிட வேண்டும். ஓராண்டாக ஏறிய எந்த இரண்டு பங்குகளின் விலைகளை எடுத்தாலும் 0.9 வரைகூட வந்துவிடலாம். அந்த எண்ணுக்கு எந்தப் பொருளும் இல்லை.

உங்களிடம் எட்டுப் பங்குகள் இருப்பதால் 28 ஜோடிகள் வரும். ஒவ்வொரு ஜோடியையும் தனித்தனியாகக் கண்காணித்து, ஏதாவது ஒன்று எல்லை தாண்டினால் மணியடிக்கச் செய்வதே முதலில் தோன்றும் வழி. அது வேலைக்கு ஆகாது. 60 நாள் தரவை வைத்துக் கணக்கிட்டால், உண்மையில் சம்பந்தமே இல்லாத இரண்டு பங்குகளுக்கும் 0.25 வரை தற்செயலாகவே வரலாம். 28 ஜோடிகளில் ஒன்றிரண்டு எப்போதும் அந்த எல்லையைத் தாண்டியே இருக்கும். மணி வாராவாரம் அடிக்கும், இரண்டாவது மாதத்தில் நீங்கள் அதைக் கவனிப்பதை விட்டுவிடுவீர்கள். அதனால் மொத்தத் தொகுப்பையும் ஒரே எண்ணாகச் சுருக்க வேண்டும்.

நான் பயன்படுத்தும் எண், தொகுப்பு உண்மையில் எத்தனை தனித்தனிப் பந்தயங்களுக்குச் சமம் என்பது. ஒவ்வொரு பங்கின் ஏற்ற இறக்கத்தையும், அதாவது தினசரி மாற்றங்களின் திட்ட விலக்கத்தையும், அதன் எடையால் பெருக்கிக் கூட்டி, அந்தக் கூட்டுத்தொகையை வர்க்கமாக்கி, தொகுப்பின் உண்மையான மாறுபாட்டால் வகுத்தால் அது கிடைத்துவிடும். எட்டுப் பங்குகளும் ஒன்றுக்கொன்று சம்பந்தம் இல்லாமல், சம எடையும் சம ஏற்ற இறக்கமும் கொண்டிருந்தால் விடை 8. எட்டும் ஒன்றாகவே நகர்ந்தால் விடை 1.

```python
import numpy as np

def bets(R, w, lam=0.97):
    k = lam ** np.arange(len(R) - 1, -1, -1)
    C = np.cov(R.T, aweights=k)
    s = np.sqrt(np.diag(C))
    return (w @ s) ** 2 / (w @ C @ w)

def residual(R, m):
    b = [np.cov(R[:, i], m)[0, 1] / np.var(m, ddof=1)
         for i in range(R.shape[1])]
    return R - np.outer(m, b)
```

`R` என்பது நாட்கள் வரிசையாகவும் பங்குகள் பத்தியாகவும் உள்ள தினசரி மாற்றங்களின் numpy அட்டவணை. கடைசி வரி இன்றைய நாள். `w` என்பது எடைகள். `lam` பழைய நாட்களின் முக்கியத்துவத்தைப் படிப்படியாகக் குறைக்கிறது. 0.97 வைத்தால் சுமார் 23 வர்த்தக நாட்களுக்கு ஒருமுறை முக்கியத்துவம் பாதியாகும். 60 நாள், 90 நாள் என்று சன்னலைக் கத்தரித்தால் ஒரு பெரிய நாள் சன்னலை விட்டு வெளியேறும்போது எண் திடீரென்று துள்ளும். அன்று சந்தையில் ஒன்றுமே நடந்திருக்காது. படிப்படியாகக் குறைக்கும் முறையில் அந்தத் துள்ளல் இல்லை. `residual` எதற்கு என்பதைச் சற்றுப் பின்னால் சொல்கிறேன்.

இப்போது உங்கள் தொகுப்பையே போட்டுப் பார்ப்போம். கணக்கு எளிதாக இருக்கச் சில எண்களை முழுமையாக்கி வைத்துக்கொள்கிறேன். உங்கள் தரவை இட்டால் தசமங்கள் மாறும், போக்கு புரிய இது போதும். ஐந்து பொதுத்துறைப் பங்குகளின் ஏற்ற இறக்கம் மற்ற மூன்றைப் போல இருமடங்கு என்று கொள்வோம். தொடக்கத்தில் அந்த ஐந்துக்குள் ஒட்டுறவு 0.3, மற்ற மூன்றுக்குள் 0.2, இரு கூட்டங்களுக்கும் இடையே 0.15. எல்லாப் பங்குக்கும் 12.5 சதவீத எடை. விடை 2.95. எட்டுப் பங்குகள் வாங்கிய நாளிலேயே ஏறத்தாழ மூன்று பந்தயங்கள்தான் உங்கள் கையில் இருந்தன. இது மோசமான எண் அல்ல. ஒரே நாட்டின் பங்குச் சந்தைக்குள் மட்டும் முதலீடு செய்பவருக்கு இதைவிட மிக அதிகமாக வருவது அரிது.

பிறகு நீங்கள் எதையும் வாங்கவில்லை, விற்கவில்லை. அடுத்த ஓராண்டில் பொதுத்துறைப் பங்குகள் ஐந்தும் சேர்ந்து 2.2 மடங்காகவும், மற்ற மூன்றும் 1.1 மடங்காகவும் ஆனதாக வைத்துக்கொள்வோம். அந்தக் காலத்தின் உண்மையான ஏற்றமும் இதிலிருந்து வெகுதூரம் விலகியது அல்ல. உங்கள் பணத்தில் பொதுத்துறையின் பங்கு 62.5 சதவீதத்திலிருந்து 77 சதவீதமாகிவிட்டது. இந்த எடை மாற்றத்தை மட்டும் கணக்கில் எடுத்தால் பந்தயங்களின் எண்ணிக்கை 2.95இலிருந்து 2.67 ஆகிறது. பெரிய இறக்கம் இல்லை. எடையைத் தொடாமல் ஐந்துக்குள் உள்ள ஒட்டுறவை மட்டும் 0.3இலிருந்து 0.6க்கு உயர்த்தினால் 2.08. இரண்டும் சேர்ந்தால் 1.80.

எடை கூடுவதை எந்தச் செயலியும் வட்டப் படம் போட்டுக் காட்டிவிடும். ஆனால் பெரிய சேதத்தைச் செய்வது எடை அல்ல, ஒட்டுறவு. ஒரு தீம் பிரபலமாகும்போது புதிதாக வருபவர்கள் நிறுவனத்தைப் பார்த்து வாங்குவதில்லை. 'பொதுத்துறை' என்ற கூடையைப் பார்த்து ஐந்தையும் சேர்த்தே வாங்குகிறார்கள், சேர்த்தே விற்கிறார்கள். கோல் இந்தியாவின் சொந்தச் செய்திக்கு அதன் விலையில் இருந்த செல்வாக்கு குறைந்துபோகிறது. இந்த மாற்றம் ஏற்றத்தின்போதே, எல்லோரும் மகிழ்ச்சியாக இருக்கும்போதே நடக்கிறது. கணக்கை 2024 ஜூனில் அல்ல, அதற்குப் பல மாதங்கள் முன்பிருந்தே ஓட்டியிருக்க வேண்டும் என்று சொல்வது இதனால்தான்.

இன்னொரு எண்ணையும் பக்கத்தில் வையுங்கள்: அந்தக் கூட்டம் மொத்த ஆபத்தில், அதாவது தொகுப்பின் மாறுபாட்டில், எத்தனை பங்கு வகிக்கிறது என்பது. மேலே சொன்ன கணக்கில் தொடக்கத்தில் பணத்தில் 62.5 சதவீதமாக இருந்த ஐந்து பங்குகள் ஆபத்தில் 85 சதவீதம். இறுதியில் பணத்தில் 77, ஆபத்தில் 95.5. அதாவது யூனிலீவர், சன் பார்மா, டி.சி.எஸ். மூன்றும் சேர்ந்து உங்கள் தொகுப்பின் நாளாந்த அசைவில் ஐந்து சதவீதத்துக்கும் குறைவாகத்தான் முடிவு செய்தன. ஜூன் 4 அன்று யூனிலீவர் ஏறியும் உங்களுக்குப் பயன் தெரியாமல் போனதற்குக் காரணம் இது.

சந்தை முழுவதுமே சேர்ந்து நகரும்போது என்ன ஆகும் என்பது அடுத்த சிக்கல். 2020 மார்ச்சில் ஏறத்தாழ எல்லாப் பங்குகளும் ஒன்றாக விழுந்தன. அப்போது இந்த எண் யாருடைய தொகுப்புக்கும் 1ஐ நோக்கித்தான் போயிருக்கும். அது உங்கள் தொகுப்பின் குறை அல்ல. பங்குகளை மாற்றி வைத்தாலும் தீராது. அந்த நேரத்தில் அடிக்கும் மணி வெறும் சத்தம். இதைப் பிரித்தறியத்தான் `residual`. அதில் `m` என்பது அதே நாட்களுக்கான நிஃப்டியின் தினசரி மாற்றங்கள். ஒவ்வொரு பங்கின் தினசரி மாற்றத்திலிருந்தும் நிஃப்டியின் நகர்வால் விளக்கக்கூடிய பகுதியைக் கழித்துவிட்டு, மிச்சத்துக்கு மட்டும் ஒட்டுறவு பார்க்க வேண்டும். சந்தையைக் கழித்த பிறகும் ஸ்டேட் வங்கியும் பாரத் எலக்ட்ரானிக்ஸும் சேர்ந்தே நகர்ந்தால், அவற்றைச் சந்தை அல்லாத வேறொன்று பிணைத்திருக்கிறது. அதுதான் தீம். பந்தயங்களின் எண்ணிக்கை குறைந்து மிச்ச ஒட்டுறவு பழைய இடத்திலேயே இருந்தால், சந்தை பதற்றமாக இருக்கிறது என்று பொருள், விட்டுவிடலாம். இரண்டும் சேர்ந்து மாறினால்தான் உங்கள் கவனம் தேவை.

கூட்டத்தைக் கண்டுபிடிக்கவும் அந்த மிச்சமே உதவும். மிச்ச ஒட்டுறவு 0.4க்கு மேல் உள்ள பங்குகளை ஒன்றோடொன்று கோடு போட்டு இணையுங்கள். எட்டுப் பங்குகளுக்குத் தாளிலேயே போடலாம். எந்தக் கூட்டம் பெரிதாகிறது என்பது கண்ணுக்கே தெரியும். அதன் பெயர் என்ன என்று கணக்கு சொல்லாது. 'இந்த ஐந்தையும் ஒரே நாளில் பாதிக்கக்கூடிய ஒரே செய்தி எது?' என்று நீங்கள்தான் கேட்டுக்கொள்ள வேண்டும். உங்கள் விஷயத்தில் விடை, மத்திய அரசின் கொள்கை மாறலாம் என்ற செய்தி.

மணி அடிப்பதற்கு நான் வைத்திருக்கும் விதி இது. வெள்ளிக்கிழமை சந்தை முடிந்ததும் கணக்கு ஓடுகிறது. பந்தயங்களின் எண்ணிக்கை, கடந்த ஓராண்டின் தன் சொந்த இடைநிலை அளவில் 70 சதவீதத்துக்குக் கீழே போய், தொடர்ந்து மூன்று வாரம் அங்கேயே இருந்து, பெரிய கூட்டத்தின் சராசரி மிச்ச ஒட்டுறவும் 0.4ஐத் தாண்டினால் மணி அடிக்கும். எண் திரும்ப 80 சதவீதத்துக்கு மேல் வந்தால்தான் அணையும். அடிக்க ஓர் எல்லை, அணைய வேறோர் எல்லை என்று இடைவெளி வைக்காவிட்டால் 70ஐ ஒட்டி நிற்கும் எண் வாரம் மாற்றி வாரம் அடித்துக்கொண்டே இருக்கும். மேலே பார்த்த கணக்கில் 1.80 என்பது 2.95இல் 61 சதவீதம், மணி அடித்திருக்கும். எடை மாற்றம் மட்டும் நடந்த 2.67 என்பது 90 சதவீதம், அடித்திருக்காது. 70, 80, 0.4 மூன்றும் என் அனுபவத்தில் அமைந்த எண்கள். உங்கள் தொகுப்பின் இரண்டாண்டு பழைய தரவில் ஓட்டிப் பார்த்து, வருடத்துக்கு இரண்டு மூன்று முறைக்கு மேல் அடிக்காதபடி திருத்திக்கொள்ளுங்கள்.

எடைகளை எப்போதும் இன்றைய சந்தை மதிப்பில் எடுங்கள். வாங்கிய விலையில் எடுத்தால் பொதுத்துறையின் பங்கு என்றைக்கும் 62.5 என்றே நிற்கும். குவிதல் கணக்குக்குள்ளேயே வராது.

தரவில் ஒரு பள்ளம் இருக்கிறது. தேசியப் பங்குச் சந்தை நாள்தோறும் வெளியிடும் பாவ்காப்பி கோப்பில் உள்ள விலைகள் போனஸ், பங்குப் பிரிப்பு ஆகியவற்றுக்காகத் திருத்தப்படாதவை. பாரத் எலக்ட்ரானிக்ஸ் 2022 செப்டம்பரில் ஒரு பங்குக்கு இரண்டு போனஸ் பங்குகள் கொடுத்தது. விலை மூன்றில் ஒன்றானது. யாருக்கும் ஒரு ரூபாய்கூட நட்டம் இல்லை. ஆனால் அந்தக் கோப்பை அப்படியே கணக்கில் கொட்டினால் ஒரே நாளில் ஏறத்தாழ 67 சதவீத வீழ்ச்சி என்று பதிவாகும். அந்த ஒற்றை எண் பங்கின் ஏற்ற இறக்கத்தைப் பல மடங்கு வீங்கச் செய்து, மற்ற பங்குகளோடு அதன் ஒட்டுறவைப் பூஜ்ஜியத்தை ஒட்டித் தள்ளிவிடும். கூட்டத்திலிருந்து அந்தப் பங்கு விலகிவிட்டதாகத் திரை சொல்லும். நான் இதை முதன்முதலில் பார்த்தபோது தீம் உடைந்துவிட்டது என்றே நம்பினேன். தினசரி மாற்றங்களை வரைபடமாகப் போட்டபோதுதான் தனியாக நின்ற அந்த ஒரு புள்ளி தெரிந்தது. அன்றிலிருந்து எந்தப் பங்கிலாவது ஒருநாள் மாற்றம் 20 சதவீதத்தைத் தாண்டினால் நிரல் நின்று என்னைக் கேட்கும். தானாக அழித்துவிடும்படி வைக்கவில்லை, ஏனென்றால் ஜூன் 4 அன்று ஆர்.இ.சி. விழுந்த 24 சதவீதம் முழுக்க உண்மை. நிறுவன அறிவிப்பைப் பார்த்து ஒரு மனிதர்தான் முடிவு செய்ய வேண்டும்.

அந்த உண்மையான பெரிய நாளையும் அப்படியே விடக் கூடாது. ஜூன் 4 போன்ற ஒரு நாள் கணக்குக்குள் வந்தால், அடுத்த பல வாரங்களுக்கு எல்லா ஒட்டுறவும் அந்த ஒரு நாளையே பிரதிபலிக்கும். நான் ஒவ்வொரு பங்கின் தினசரி மாற்றத்தையும் அதன் முந்தைய ஓராண்டுத் திட்ட விலக்கத்தின் மூன்று மடங்கில் வெட்டிவிடுகிறேன். நாள் கணக்கில் இருக்கும், ஆனால் மற்ற நாட்களை விழுங்காது.

பரஸ்பர நிதித் திட்டங்கள் வைத்திருந்தால் கவனிக்க வேண்டிய இன்னொன்று, விலை பதிவாகும் நேரம். இந்திய ஐ.டி. பங்குகளும் அமெரிக்காவின் நாஸ்டாக் 100 குறியீட்டு நிதியும் வைத்திருப்பவர் தினசரி ஒட்டுறவைப் பார்த்தால் மிகக் குறைவாக வரும். இரண்டும் வேறு வேறு என்று மனநிறைவு கொள்வார். நம் சந்தை மூடிய பிறகுதான் அமெரிக்கச் சந்தை திறக்கிறது என்பதால், ஒரே செய்தி இரண்டிலும் வெவ்வேறு தேதிகளில் பதிவாகிறது என்பதே உண்மை. இத்தகைய கலவைக்கு வாராந்தர மாற்றங்களை எடுங்கள். தரவு ஐந்தில் ஒன்றாகக் குறைவதால் குறைந்தது இரண்டாண்டு வேண்டும்; எண் மெதுவாகத்தான் அசையும். அதேபோல் மத்திய பொதுத்துறை நிறுவனப் பங்குகளை மட்டும் கொண்ட சி.பி.எஸ்.இ. ஈ.டி.எஃப். என்ற நிதியை வைத்துக்கொண்டு தனியாக என்.டி.பி.சி.யும் கோல் இந்தியாவும் வாங்கினால், அந்தப் பங்குகள் அந்த நிதிக்குள்ளும் பெரிய எடையில் இருக்கின்றன. அதற்கு ஒட்டுறவே தேவையில்லை. நிதியின் மாதாந்தரப் பங்குப் பட்டியலைப் படித்தால் போதும்.

இந்த மணி ஜூன் 4 வரப்போகிறது என்று சொல்லியிருக்காது. தேதியும் திசையும் அதற்குத் தெரியாது. பொதுத்துறைப் பங்குகள் இன்னும் ஓராண்டு ஏறியிருந்தாலும் அதே அளவு அடித்திருக்கும். அமைதியான நாட்களில் 1.80 என்று வரும் எண் அதிர்ச்சி நாளில் அதைவிடவும் சுருங்கும். அதனால் அதை நல்ல நாட்களுக்கான மேல் எல்லையாகவே படியுங்கள்.

மணி அடித்ததும் விற்றுவிட வேண்டும் என்பதில்லை. 2024 ஜூலை 23 முதல் நடக்கும் விற்பனைகளுக்கு, ஓராண்டுக்கு மேல் வைத்திருந்த பங்குகளின் லாபத்தில் நிதியாண்டுக்கு 1.25 லட்சம் ரூபாயைத் தாண்டும் பகுதிக்கு 12.5 சதவீத வரி, ஓராண்டுக்குள் விற்றால் 20 சதவீதம். அதனால் நான் முதலில் அந்தக் கூட்டத்துக்குள் புதுப் பணம் போவதை நிறுத்துகிறேன்; மாதச் சேமிப்பை வெளியே உள்ள பங்குகளுக்குத் திருப்புகிறேன். சேமிப்பு சிறிதாகவும் தொகுப்பு பெரிதாகவும் இருந்தால் அது மட்டும் போதாது. அப்போது விலக்கு வரம்புக்குள் அடங்கும் லாபத்தை ஒவ்வொரு நிதியாண்டிலும் எடுத்து, ஐந்தில் ஆபத்துப் பங்கு அதிகமாக உள்ளதிலிருந்து குறைக்கத் தொடங்குகிறேன். உங்கள் தொகுப்பில் அது பெரும்பாலும் ஆர்.இ.சி.யாக இருக்கும். ஐந்தில் அதிகமாக ஏறியதும், நாளாந்த அசைவு அதிகமாக இருப்பதும் அதுதான். விற்பதற்கு முன்பு புதிய எடைகளை `bets`இல் போட்டுப் பாருங்கள்: ஆர்.இ.சி.யைப் பாதியாக்கிப் பணத்தை ஸ்டேட் வங்கியில் போட்டால் எண் பெரிதாக நகராது, யூனிலீவருக்கோ சன் பார்மாவுக்கோ மாற்றினால் நகரும்.